‘4.30 மணிக்கு மேல் 5.30 மணிக்குள்’: கிரகப்பிரவேச அழைப்பை ஆங்கிலத்தில் அனுப்புவோரின் கேள்விகள்

பத்திரிகை வாசகத்தையும் அதன் ஆங்கில வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நல்ல நாள் பார்த்துச் சொல்வது என் வேலை இல்லை; அதை உங்கள் ஜோசியரிடம் கேளுங்கள்.

சேலம் வாசகர்: அக்கா, தமிழில் இப்படி அனுப்பினோம்: ‘ஆவணி மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை 4.30 மணிக்கு மேல் 5.30 மணிக்குள் கடக லக்னத்தில் புதுமனை புகுவிழா.’ போனில் மொழிபெயர்த்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். ‘சண்டே 4.30 டு 5.30, கேன்சர்’ என்று போயிருக்கிறது. ‘யாருக்குக் கேன்சர்?’ என்று கேட்கிறார்கள்.

ஒரே வரியில் மூன்று தப்பு நடந்திருக்கிறது. பெரிய தப்பு கேன்சர் இல்லை, ‘டு’ தான்.

‘4.30 மணிக்கு மேல் 5.30 மணிக்குள்’ என்பது விழா நடக்கும் நேரம் அல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போதாவது குத்துவிளக்கோடும் நிறைகுடத்தோடும் வலது கால் வைத்து உள்ளே போய்விட வேண்டும் என்ற எல்லை அது. 4.50-க்கு நுழைந்தாலும் சரி, 5.20-க்கு நுழைந்தாலும் சரி. ஆங்கிலத்தில் ‘4.30 டு 5.30’ என்று படிப்பவர் 5.30-க்கு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பார். ஒன்று, அடித்துப் பிடித்து 4.30-க்கே வருவார், இல்லாவிட்டால் அவ்வளவு காலையில் முடியாது என்று வராமலே இருந்துவிடுவார். நீங்களோ அவரை ஏழரை மணிக்கு இட்லி பொங்கலுக்கு எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் ஆங்கிலத்தில் நேரத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் வரியில், குடும்பத்தார் வீட்டுக்குள் நுழையும் சடங்கு அதிகாலை 4.30-க்கும் 5.30-க்கும் இடையே நடக்கும் என்று எழுதுங்கள். அடுத்த வரியில், விருந்தினர் 7.30 முதல் 10 மணி வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், காலைச் சிற்றுண்டி உண்டு என்று எழுதுங்கள். தமிழ்ப் பத்திரிகையில் இரண்டாவது வரி இருக்காது. நம் ஆட்களுக்கு அது சொல்லாமலே தெரியும். ஆங்கிலத்தில் படிக்கிறவருக்குத் தெரியாது.

இனி லக்னம். அந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதயமாகிக்கொண்டிருக்கும் ராசிதான் லக்னம். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். அதை ஆங்கில ராசிப் பெயரால் எழுதினால் யாருடைய பிறந்த ராசியோ என்று நினைப்பார்கள். நண்பர்களுக்கு அனுப்பும் ஆங்கில அழைப்பில் லக்னமே வேண்டாம். பெரியவர்கள் விடமாட்டார்கள் என்றால் ‘கடக லக்னம்’ என்று ஒலியை மட்டும் ஆங்கில எழுத்தில் போடுங்கள்.

ஒரு சின்னச் சோதனையும் இருக்கிறது. சூரிய உதயத்தின்போது, சூரியன் எந்த ராசியில் இருக்கிறதோ அதுவே லக்னம். ஆவணியில் சூரியன் சிம்மத்தில். மாதத்தின் முதல் வாரமாக இருந்தால் உதயத்துக்குச் சற்று முன்புதான் சிம்ம லக்னம் தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் கடகம். உங்கள் பத்திரிகை சரி. இதே நேரத்துக்கு மிதுனம் என்று அச்சாகியிருந்தால், மணியில் பிழையா லக்னத்தில் பிழையா என்று ஜோசியரிடம் திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தப்பு, ‘காலை’ காணாமல் போனது. அது கீழே வருகிறது.

நியூ ஜெர்சியிலிருந்து: மாமா அனுப்பிய மெசேஜில் ‘சண்டே 4.30’ என்று மட்டும் இருக்கிறது. இங்கே நேரலையில் பார்க்க எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்?

அது அதிகாலை 4.30. உங்களுக்கு ஆகஸ்டில் அது சனிக்கிழமை மாலை 7 மணி. தை மாதத்தில் நடந்தால் சனி மாலை 6 மணி, ஏனென்றால் குளிர்காலத்தில் உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு ஞாயிறு காலை 7. லண்டனில்தான் தலைவலி: ஆகஸ்டில் சரியாக நள்ளிரவு 12 மணி. அவர்களுக்கு ‘ஞாயிறு 12’ என்று எழுதினால் மதியம் என்று படித்துவிடுவார்கள். ‘சனிக்கிழமை இரவு, நள்ளிரவு 12’ என்றே எழுதுங்கள்.

கிழமை, தேதி, காலை அல்லது மாலை, இந்திய நேரம். இந்த நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அழைப்பு அரைகுறைதான்.

அம்பத்தூர் அம்மா: ஞாயிறு நாலரை ஆறு ராகு காலம் ஆச்சே. ராகு காலத்தில் யாராவது வீடு புகுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு வரைதான் ராகு காலம், அம்மா. இது விடியற்காலை. ‘காலை’ என்ற சொல் விழுந்ததால் வந்த வினை. இங்கிலீஷ் மெசேஜ் பார்த்த பெரியவர்கள் போன் மேல் போன் போடுவதும் இதனால்தான்.

திருவையாறு வாசகர்: பஞ்சாங்கப்படி நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். ஞாயிறு விடியற்காலை 4.30 என்பது இன்னும் சனிக்கிழமைதான். ஆகவே ஆங்கிலத்திலும் ‘சனி’ என்று போடுவதே சாஸ்திரம்.

பாதி சரி. பஞ்சாங்கத்தில் கிழமை உதயம் முதல் உதயம் வரை. ஆனால் அழைப்பிதழ் பஞ்சாங்கம் இல்லை. ‘சனி 4.30’ என்று போட்டால் விருந்தினர் ஒரு நாள் முன்னதாக வந்து பூட்டிய வீட்டின் முன் நிற்பார். ‘சனி விடிந்தால் ஞாயிறு’ என்று தமிழில் சொல்லலாம், அழகாகவும் இருக்கும். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கும்பகோணம் வாசகி: அப்படியென்றால் நட்சத்திரமும் சனிக்கிழமையுடையதுதானே? எங்கள் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை வரியில் இருந்த நட்சத்திரத்தைப் போட்டிருக்கிறோம்.

இது நல்ல கேள்வி. நட்சத்திரமும் திதியும் உதயத்துக்குக் காத்திருப்பதில்லை. எந்த நேரத்திலும் முடியும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வரியைத்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமைக்கு நேராக ஒரு நட்சத்திரம் 55 நாழிகை வரை என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாழிகைக்கு 24 நிமிடம், ஆக 22 மணி நேரம். உதயம் காலை 6 மணி என்றால் அது ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு முடிகிறது. உங்கள் 4.30-க்கு அடுத்த நட்சத்திரம் வந்துவிட்டது, பத்திரிகை சரி. அதுவே 58 நாழிகை என்றிருந்தால் 5.12 வரை பழைய நட்சத்திரம்தான் ஓடும். அப்போது உங்கள் பத்திரிகையில் தப்பு.

திருவையாறு வாசகர்: நாழிகைக் கணக்கை ஒத்துக்கொள்கிறீர்கள், கிழமையை மட்டும் ஏன் விடுகிறீர்கள்? சனிக்கிழமையில் கிரகப்பிரவேசம் வைப்பதில்லையே. அப்படியானால் முகூர்த்தமே தவறு.

காரைக்குடி வாசகர்: எங்கள் ஜோசியர் விடியற்காலை நாலரையிலிருந்தே அடுத்த கிழமையாக எடுத்துக்கொள்வார். ஊரில் பாதி வீடு அப்படிப் புகுந்ததுதான்.

இருவர் சொல்வதும் வழக்கத்தில் உண்டு. உதயத்தையே பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அதிகாலையை அடுத்த நாளோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே வேண்டாம் என்பவர்களும் உண்டு. லீவு நாள் என்பதால்தான் அது ஓடுகிறது. இதை நான் தீர்த்துவைக்க முடியாது. அழைப்பில் ஞாயிறு, ஆங்கிலத் தேதி, அதிகாலை. அவ்வளவுதான்.

நாகர்கோவில் வாசகி: ‘காலை 5.15-க்கு பால் காய்ச்சல்’ என்பதை ஆங்கிலத்தில் ‘மில்க் ஃபீவர்’ என்று தருகிறது. என்ன செய்வது?

கன்று ஈன்ற மாட்டுக்கு வரும் நோய்க்கு அதுதான் ஆங்கிலப் பெயர்! தமிழ் மூலத்திலேயே ‘பால் காய்ச்சும் நிகழ்ச்சி’ என்று மாற்றிவிட்டு மொழிபெயருங்கள், பாதி சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு ஒரு விளக்கம் வேண்டும். வெறுமனே ‘பால் கொதிக்க வைத்தல்’ என்றால் இதற்கு ஏன் ஊரைக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். புது அடுப்பில், புதுப் பாத்திரத்தில், பால் பொங்கி வழியும் வரை காய்ச்சுவோம். வழிவது பெருகுவதன் அடையாளம். அந்தப் பாலில் சர்க்கரை சேர்த்து எல்லாருக்கும் கொடுப்போம் என்று எழுதுங்கள். ‘வழியும் வரை’ என்பதை விட்டுவிடாதீர்கள். தெரியாத விருந்தினர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிடுவார்.

கோவை வாசகர்: முதல்நாள் மாலை கணபதி ஹோமம், வாஸ்து சாந்தி, மறுநாள் கோ பூஜை. ‘ஃபயர் சாக்ரிஃபைஸ்’, ‘கவ் வொர்ஷிப்’ என்று போடலாமா?

சாக்ரிஃபைஸ் வேண்டாம், பலி என்று நினைப்பார்கள். ஹோமம் என்றே எழுதி, தீ வளர்த்து நெய்யும் சமித்தும் இட்டுச் செய்யும் பூஜை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வாஸ்து சாந்தியையும் பெயரோடு விட்டுவிட்டு, மனைக்குரிய தேவதையை அமைதிப்படுத்தும் பூஜை என்று சொல்லுங்கள். கோ பூஜைக்கு ‘பசுவும் கன்றும் முதலில் அழைத்துவரப்படும்’ என்றால் குழந்தைகளோடு வருபவர்களுக்குப் பயன்படும். அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி வீடு என்றால் பூஜை கீழே நடக்கும் என்றும் எழுதுங்கள். இல்லையேல் மேலே போய்த் தேடுவார்கள். முதல்நாள் மாலை நிகழ்ச்சிகளுக்குத் தனித் தேதி போட மறக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்து வாசகி: எங்கட பக்கம் இதைக் ‘குடிபூரல்’ என்றுதான் சொல்லுவம். ஆங்கிலத்தில வேற சொல் தேவையோ?

தேவையில்லை. ‘ஹவுஸ்வார்மிங்’ பொதுவாகப் போதும், பக்கத்தில் குடிபூரல் என்று ஆங்கில எழுத்தில் போடுங்கள். வெறும் ஹவுஸ்வார்மிங் என்றால் வெளிநாட்டில் மாலை விருந்து என்று நினைத்துவிடுவார்கள். சடங்கு காலையில் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தாம்பரம் வாசகர்: வாடகை வீட்டுக்குப் போகிறோம். எந்தக் கிழமையில் பால் காய்ச்சலாம்?

மேலே சொன்னேன், ஜோசியரிடம்.

ஓசூர் வாசகர்: ‘சண்டே 4.30’ என்று வந்திருக்கிறது, காலையா மாலையா?

அம்பத்தூர் அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். உங்களையும் சேர்த்து இதே கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்துவிட்டது.

மதுரை வாசகி: எங்களுக்குத் தலைப்பே ‘பிளானெட் என்ட்ரி செரிமனி’ என்று வந்தது. ‘கிரக’ என்று எழுதுவதா, ‘கிருக’ என்று எழுதுவதா?

கிருஹம் வீடு, கிரஹம் கோள். தமிழில் இரண்டையும் ‘கிரகம்’ என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது, யாரும் குழம்புவதில்லை. ஆங்கில எழுத்தில் கிருஹப்பிரவேசம் என்ற ஒலி வரும்படி எழுதுங்கள். தமிழில் ‘புதுமனை புகுவிழா’ என்று கொடுத்தால் மொழிபெயர்ப்பில் கோள் நுழைய வழியே இல்லை.

சேலம் வாசகர்: கடைசியாக ஒன்று அக்கா. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு அப்பா அம்மா பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறதே?

தமிழில் அது பெயரோடு சேர்ந்து முடியும், ஆங்கிலத்தில் முடியாது. ஆங்கிலத்தில் அப்பா அம்மா பெயர்களை மேலே கொண்டுபோய், ‘இன்னார் அழைக்கிறோம்’ என்று அழைப்பைத் தொடங்குங்கள். கீழே வீட்டு முகவரியும் வழிகேட்க ஒரு போன் எண்ணும் போதும். அந்த எண் அதிகாலையில் ஹோம குண்டத்தின் முன் உட்கார்ந்திருப்பவருடையதாக இருக்க வேண்டாம்.