டிரையர் எடுத்த முதல் ரேங்க், நான் எடுத்த ஒன்பது மார்க்

கேள்வி: எம்பிஏ அசைன்மென்ட்டில் நாலு புராஜெக்ட், ஒரே பட்ஜெட். வெயிட்டட் ஸ்கோர் போட்டதில் ஒன்று முதலில் வருகிறது. அதையே எடுத்துவிடலாமா? ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று எந்தத் தொகையை எழுத வேண்டும்?

நீங்களும் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைதூரக் கல்வியில் படிப்பவர் என்றும், சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதே அசைன்மென்ட்டில் நான் 20-க்கு 9 வாங்கியவன். பேராசிரியர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"உங்கள் நிறுவனத்தையே உதாரணமாக எடுங்கள்" என்றார்கள், எடுத்தேன். பட்ஜெட் 60 லட்சம். புது டிரையர் 50 லட்சம், இலை வாட்டும் டிரஃப்களை மாற்ற 25, கூரையில் சோலார் 35, இலை எடுக்க வண்டி 20. தொகைகளெல்லாம் அசைன்மென்ட்டுக்காக உருட்டியவை, ஃபேக்டரிக் கணக்கை வெளியே விடவில்லை.

லாபத்துக்கு 40 சதவீதம், தூள் தரத்துக்கு 30, சிக்கல் குறைவுக்கு 20, சீக்கிரம் முடிவதற்கு 10 என்று வெயிட் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க். டிரையருக்கு வரிசையாக 5, 4, 3, 3 போட்டேன்:

```
0.4×5 + 0.3×4 + 0.2×3 + 0.1×3 = 4.1
```

டிரஃபுக்கு 3, 5, 4, 5 போட்டதில் 4.0 வந்தது. வண்டி 3.3, சோலார் 3.0. டிரையர்தான் முதல். "ஆகவே டிரையரைத் தேர்வு செய்கிறோம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

சார் சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "லாபத்தில் பத்தை எடுத்துத் தரத்துக்குக் கொடுத்தால்?" வீட்டில் போட்டுப் பார்த்தேன். டிரையர் 4.0, டிரஃப் 4.2. ரேங்க் புரண்டுவிட்டது. அந்த 40-ம் 30-ம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ராத்திரி பதினோரு மணிக்கு நானாக வைத்தவை. 4.1-க்கும் 4.0-க்கும் உள்ள வித்தியாசம் என் தூக்கத்தின் அளவுதான். உங்கள் அசைன்மென்ட்டிலும் வெயிட்டைப் பத்துப் பத்தாக நகர்த்திப் பார்த்து, ரேங்க் மாறினால் மாறுகிறது என்று அப்படியே எழுதுங்கள். மறைத்தால்தான் மார்க் போகும்.

சரி, ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். என் பெரிய தப்பு இங்கேதான். வரப்போகும் வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதில் முதலீட்டைக் கழித்தால் வரும் என்பிவி, டிரையருக்கு 18 லட்சம், டிரஃபுக்கு 12, சோலாருக்கு 10, வண்டிக்கு 7. டிரையரை எடுத்தால் மற்ற மூன்றும் போச்சு, ஆகவே 12, 10, 7 கூட்டி இழப்பு 29 லட்சம் என்று எழுதினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் 18-ல் 12 போக 6 என்று வித்தியாசத்தை எழுதினார். இரண்டும் தப்பு. கைவிட்டவற்றிலேயே ஆகச் சிறந்தது எதுவோ, அதன் முழு மதிப்புதான் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். எல்லாவற்றின் கூட்டலும் இல்லை, கழித்து வரும் மிச்சமும் இல்லை. மூன்றையும் இழந்தேன் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? மூன்றுக்கும் சேர்த்து 80 லட்சம் ஆகும், கையில் இருந்ததே 60.

அப்படியானால் 12 லட்சமா? ஒரே ஒரு புராஜெக்ட்தான் எடுக்கலாம் என்று கேள்வியிலேயே இருந்தால் ஆமாம், 12 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஆனால் பட்ஜெட்டுக்குள் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால், கைவிட்டது தனி புராஜெக்ட்டாக இருக்க வேண்டியதில்லை, ஒரு ஜோடியாக இருக்கலாம். நாலு புராஜெக்ட்டுக்கு மொத்தம் 16 சேர்க்கை. 60 லட்சத்தைத் தாண்டுவதை அடித்துவிட்டால், எதுவுமே செய்யாமல் இருப்பதையும் சேர்த்து எட்டுதான் மிஞ்சும். (இதற்கு இன்டீஜர் புரோகிராமிங் வேண்டும் என்று கமென்ட்டில் வரப்போகும் அண்ணன்மாருக்கு: நாற்பது புராஜெக்ட் இருந்தால் வேண்டும், நாலுக்கு ஒரு பேப்பர் போதும்.)

டிரையரோடு வேறு எதுவும் பட்ஜெட்டுக்குள் வராது, 10 லட்சம் சும்மா நிற்கும். அது பேங்கில் கிடந்து, இன்றைய மதிப்புக்குக் குறைக்க நாம் வைத்த அதே வட்டியை ஈட்டினால் என்பிவி பூஜ்யம். ஆக 18. டிரஃபும் சோலாரும் சேர்த்தால் சரியாக 60 லட்சம், என்பிவி 22. டிரஃபும் வண்டியும் 19. சோலாரும் வண்டியும் 17. டிரையரை எடுத்தால் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் 22 லட்சம், டிரையர் தருவதோ 18. முதல் ரேங்க் எடுத்தவன் 4 லட்சம் குறைவு.

இங்கே இன்னொரு குழி உண்டு. என்பிவியைக் கூட்டியது போல ஸ்கோரையும் கூட்டத் தோன்றும், டிரஃபும் சோலாரும் 7.0, டிரையர் வெறும் 4.1 என்று. கூட்டாதீர்கள். ஸ்கோர் பணம் இல்லை. ஒரே டிரையரைப் பாதி பாதியாக இரண்டு புராஜெக்ட் என்று எழுதினால் ஸ்கோர் இரட்டிப்பாகிவிடும், ஃபேக்டரியில் எதுவும் மாறியிருக்காது. மூன்றுக்குக் கீழே வந்ததைக் கழித்துக்கட்ட ஸ்கோர் நல்ல சல்லடை. பட்ஜெட்டைப் பங்கு போட அது ஆகாது.

"அப்போது ஸ்கோர் எதற்கு, என்பிவியே போதுமே" என்று யாராவது கேட்பார்கள். தூள் தரம், நல்ல பெயர் இதெல்லாம் என்பிவிக்குள் முழுசாக வராது. அதனால் டிரையரே வேண்டும் என்றால் எடுக்கலாம், ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு விலை 4 லட்சம் என்று எழுதிவிட்டு எடுங்கள். இரண்டாம் முறை நான் எழுதித் தேறியது இந்த ஒரு வரியில்தான்.

ஸ்கோர் ஷீட்டில் வராத ஒன்றும் இருந்தது. அதைச் சொன்னவர் எங்கள் டீ மேக்கர். ஒவ்வொரு புராஜெக்ட்டும் தனித்தனி என்று வைத்துத்தான் நான் மார்க் போட்டேன். அவர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "தம்பி, நவம்பர் மழையில வர்ற இலை சரியா வாடாம கீழ இறங்கினா, எந்த டிரையர்ல போட்டாலும் விறகுதான் தின்னும்" என்றார். டிரஃப் சரியில்லாத வரை டிரையரின் 18 லட்சமே சந்தேகம் என்று அர்த்தம். ஒன்றின் பலன் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் ஸ்கோர் மாடல் அதைக் காட்டாது, நீங்கள்தான் தனியாக எழுத வேண்டும்.

அந்த ஒன்பது மார்க்கை வாங்கவே நான் கீழே கோவைக்குப் போக வேண்டியிருந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைப்பவர்கள் ஒருநாள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மேட்டுப்பாளையம் வரை நின்றுகொண்டே இறங்கிப் பார்க்கட்டும். மண் சரிந்து ரோடு அடைத்த அன்று "ஆப்சென்ட்" போட்டார்கள், அதற்கு எந்த ஸ்கோர் ஷீட்டிலும் கட்டம் இல்லை. மலைமேல் ஒரு சென்டர் வைக்கச் சொல்லி மூன்று பேர் சேர்ந்து கடிதம் கொடுத்தோம், பதிலே வரவில்லை.

ஃபேக்டரியில் என்ன வாங்கினார்கள் என்று கேட்பீர்கள். டிரையர்தான். பக்கத்து ஃபேக்டரியில் வந்துவிட்டதாம்.