ப்ளூடூத் கோடெக்: தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்போது மாற்றினால் பலன்?

கேள்வி: என் ப்ளூடூத் ஹெட்போனில் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் மூன்றும் இருக்கிறது. எல்டாக் போட்டும் கேம் விளையாடும்போது சத்தம் லேட்டாக வருகிறது, ஆனால் வீடியோவில் சரியாக இருக்கிறது. எந்தக் கோடெக் போட்டால் இரண்டும் சரியாகும்?

எல்டாக்கை எடுத்துவிட்டு ஹெட்போனின் கேம் மோடைப் போடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கேமுக்கு மட்டும் வயர். கோடெக் என்பது இசையைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கும் முறை. அந்தப் பட்டியலுக்குள் இதற்கு மருந்து இல்லை, ஏனென்றால் உங்களைத் தொந்தரவு செய்யும் தாமதத்தில் கோடெக்கின் பங்கு மிகக் குறைவு. ஒலிக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்பிசியையே எடுத்துக்கொள்வோம். ப்ளூடூத்தில் இசை அனுப்பும் எந்தக் கருவியிலும் இது கட்டாயம் இருக்கும். வழக்கமான உயர்தர அமைப்பில் இது 128 சாம்பிள்களை, அதாவது ஒலியை அளந்து எடுத்த 128 எண்களை, ஒரு ஃபிரேமாகச் சுருக்குகிறது. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு ஃபிரேமுக்குள் இருப்பது சுமார் 2.9 மில்லிவிநாடி இசை, அளவு 119 பைட். ஃபிரேமை ஒவ்வொன்றாக அனுப்பினால் வீண்செலவு என்பதால் போன் ஐந்தைச் சேர்த்து ஒரு பாக்கெட் ஆக்குகிறது. பரவலாகப் பயன்படும் பாக்கெட் வகையில் 679 பைட்தான் கொள்ளும், ஆறாவது ஃபிரேமுக்கு இடம் கிடையாது. ஐந்து ஃபிரேம் சேரும்வரை காத்திருப்பது 14.5 மில்லிவிநாடி. அந்தப் பாக்கெட் காற்றில் போய், பதில் வந்து சேர 3.75 மில்லிவிநாடி. ஃபில்டர், டிகோடிங் எல்லாம் சேர்த்துத் தாராளமாகப் போட்டாலும் 25 மில்லிவிநாடியைத் தாண்டாது.

ஆனால் சாதாரண ப்ளூடூத் ஹெட்போனை அளந்து பார்த்தால் 150, 200, சிலதில் 250 என்றுகூட வரும். மீதி எங்கே போனது? பெரும்பகுதி ஹெட்போனுக்குள் இருக்கும் பஃபரில். போனின் ஒலிக் கலவையும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஒரு பாக்கெட் கெட்டுப்போனால் போன் அதையே திரும்ப அனுப்பும். அது வந்து சேரும்வரை பாட்டு அறுபடாமல் ஓட வேண்டும் என்பதற்காக, வீட்டுக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பதுபோல ஹெட்போன் முன்கூட்டியே கொஞ்சம் இசையைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்று முடிவு செய்வது அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதியவர். அதனால்தான் அதே எஸ்பிசி ஒரு ஹெட்போனில் 120 ஆகவும் இன்னொன்றில் 250 ஆகவும் இருக்கிறது.

கோடெக்குக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏஏசி ஒரு தடவைக்கு 1,024 சாம்பிள்களைக் கையில் எடுக்கும், அதாவது 23 மில்லிவிநாடி. அடுத்த கட்டத்தையும் கொஞ்சம் பார்த்தால்தான் நடப்புக் கட்டத்தை முடிக்க முடியும் என்பதால் அதன் கணக்கு 50ஐ நெருங்கிவிடுகிறது. இந்த விஷயத்தில் ஊரே மட்டம் தட்டும் எஸ்பிசிதான் சுறுசுறுப்பானது. ஆப்டெக்ஸ் அதைவிடவும் வேகம், நான்கு நான்கு சாம்பிளாகவே வேலை முடித்துவிடும். என்ன, அதன் பின்னால் 150 மில்லிவிநாடி பஃபர் உட்கார்ந்திருந்தால் அந்த வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வீடியோ ஏன் ஒழுங்காக இருக்கிறது? ஹெட்போன் தன் தாமதம் எவ்வளவு என்பதைப் போனுக்குச் சொல்லிவிடுகிறது. அது சொல்லாவிட்டால் போன் ஒரு மதிப்பீட்டை வைத்துக்கொள்ளும். வீடியோ ப்ளேயர் படத்தை அந்த அளவுக்குப் பிடித்து வைத்துக் காட்டுகிறது. கொஞ்சம் பிசகினாலும் தெரியாது. ஒலிபரப்புத் துறைக்கான BT.1359 பரிந்துரைப்படி, சத்தம் படத்துக்கு 125 மில்லிவிநாடி வரை பிந்தினால் பார்ப்பவர்கள் கண்டுபிடிப்பதில்லை. முந்தினால் 45லேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கேமில் இந்த வித்தை எடுபடாது. நீங்கள் பட்டனை அழுத்திய பிறகுதான் அந்தச் சத்தமே பிறக்கிறது, எதை முன்கூட்டிப் பிடித்து வைப்பது? பியானோ ஆப், தாளம் பார்த்துத் தட்டும் கேம், பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்பது எல்லாம் இதே கதிதான். இசைக்கருவி வாசிப்பவருக்கு 20 மில்லிவிநாடி தாண்டினாலே விரல் தடுமாற ஆரம்பிக்கும். அவருக்கு நான் எந்த ப்ளூடூத்தையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உங்கள் ஹெட்போனில் எவ்வளவு என்று வீட்டிலேயே அளக்கலாம். இன்னொரு போனில் ஒலிப்பதிவை ஓட விட்டு, அதன் மைக் பக்கத்தில் ஹெட்போனின் ஒரு காதை வையுங்கள். முதல் போனில் பியானோ ஆப்பைத் திறந்து, திரையில் நகம் பட்டுச் சத்தம் கேட்கும்படி டக்கென்று தட்டுங்கள். பதிவை ஏதாவது ஒலி எடிட்டரில் திறந்தால் நகத்தின் சத்தம் ஒரு முள்ளாகவும், பியானோவின் சத்தம் அதற்குப் பின்னால் இன்னொரு முள்ளாகவும் தெரியும். இடைவெளியைக் குறித்துக்கொண்டு, அதையே ப்ளூடூத் இல்லாமல் போன் ஸ்பீக்கரில் செய்யுங்கள். முதலாவது 260, இரண்டாவது 60 என்று வந்தால், ப்ளூடூத் சேர்த்தது 200. தொடுதிரையும் ஆப்பும் எடுத்துக்கொள்ளும் நேரம் இப்படிக் கழிந்துவிடும். ஒரு தடவையோடு நிறுத்தாமல் நான்கைந்து தட்டின் சராசரியைப் பாருங்கள்.

அப்புறம் கேம் மோடைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். அது பெரும்பாலும் செய்வது பஃபரைச் சுருக்குவதுதான். பல ஹெட்போன்களில் அதைப் போட்டவுடன் எல்டாக் தானாகவே அணைந்துவிடும். 200 இருந்தது 80, 100க்கு இறங்கினால் நல்ல ஹெட்போன். எண்ணும் இறங்கவில்லை, பக்கத்து அறைக்குப் போனால் முன்னைவிடச் சீக்கிரம் அறுபடவும் இல்லை என்றால், அந்த மோடு பஃபரைத் தொடவே இல்லை என்று சந்தேகப்படுங்கள். வயர் வேண்டாம் என்பவர்களுக்கு யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கேமிங் ஹெட்செட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல ப்ளூடூத்தே கிடையாது, இரண்டு முனையையும் ஒரே ஆள் வடிவமைப்பதால் பஃபரை இறுக்கிப் பிடிக்க முடிகிறது.

சரி, எல்டாக் எதற்கு? தரத்துக்கு. அது விநாடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று படிகளில் ஓடும். எஸ்பிசி 328. 990 என்றவுடன் மூன்று மடங்கு தரம் என்று தோன்றும், ஆனால் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 328இல் ஓடும் எஸ்பிசியின் குறை பெரும்பாலும் சிம்பல், கைதட்டல் போன்ற கூர்மையான மேல்ஸ்தாயிச் சத்தங்களில், அமைதியான அறையில், கவனித்துக் கேட்டால் பிடிபடும். பேருந்திலும் நடையிலும் பிடிபடாது. எஸ்பிசிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது, சில கருவிகள் அதை 229க்கோ அதற்கும் கீழேயோ ஓட்டியதுதான். ஏஏசியில் வேறு சிக்கல்: ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு விதமாகச் சுருக்குகிறது, ஒரு போனில் அருமை, இன்னொன்றில் சுமார். ஐபோனில் அது நம்பிக்கையாக இருக்கும். அங்கே எஸ்பிசி, ஏஏசி தவிர வேறு கிடையாது என்பதால் எல்டாக் ஹெட்போனுக்குக் கூடுதல் பணம் தருவது வீண்.

அந்த 990க்கு ஒரு விலை இருக்கிறது. மேலே சொன்ன 679 பைட் பாக்கெட்டுகளை இடைவிடாமல் அனுப்பினாலும் விநாடிக்கு 1,450 கிலோபிட்தான் போகும். எஸ்பிசி அதில் கால்வாசிக்கும் குறைவாக எடுத்துக்கொள்வதால், கெட்டுப்போன பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப இடம் தாராளம். 990 மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்கிறது. வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இடத்தில், போனைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தால் உங்கள் உடம்பே சிக்னலை உறிஞ்சும். மிச்சமிருக்கும் மூன்றில் ஒரு பங்கு போதாமல் பாட்டு விக்கும்.

ஆண்ட்ராய்டில் இதைப் பார்க்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து (`Build number` மீது ஏழு தடவை தட்ட வேண்டும்), ஹெட்போன் இணைந்திருக்கும்போது `Bluetooth audio codec` என்ற வரியைப் பாருங்கள். அதற்குக் கீழே எல்டாக்கின் தர அமைப்பு தனியாக இருக்கும். அது தானியங்கி முறையில் இருந்தால், சிக்னல் மோசமாகும்போது சொல்லாமல் கொள்ளாமல் 330க்கு இறங்கிவிடும். திரையில் `LDAC` என்றுதான் இருக்கும். 330இல் ஓடும் எல்டாக் நல்ல எஸ்பிசியைவிட மேல் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியே போகும்போது 660இல் நிறுத்தி வைப்பது என் வழக்கம்.

இத்தனைக்கும் நடுவில் யாரும் கேட்காத ஒன்றில்தான் வித்தியாசம் பட்டென்று தெரியும்: மைக். கேமில் குரல் சாட்டைத் திறந்தாலோ, வீடியோ அழைப்பில் சேர்ந்தாலோ, வழக்கமான ப்ளூடூத் இசைத் தடத்தை விட்டுவிட்டு அழைப்புத் தடத்துக்கு மாறிவிடும். எல்டாக்கும் ஏஏசியும் அங்கே செல்லாது. பெரும்பாலான கருவிகளில் நல்ல நிலையிலேயே விநாடிக்கு 16,000 சாம்பிள் மோனோ, அதாவது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் இருக்காது. பழைய கருவிகளில் அதிலும் பாதி. கேமின் சத்தம் திடீரென்று பழைய டெலிபோன்போல ஆனால் காரணம் இதுதான். எல்சி3 கோடெக்கோடு வரும் புதிய எல்ஈ ஆடியோவில் மைக்கும் ஸ்டீரியோவும் சேர்ந்தே ஓட முடியும், ஆனால் போன், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இதற்குச் செலவில்லாத வழி, அழைப்புச் செயலியின் ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்வு செய்து, ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் விடுவது. சத்தம் அந்த நிமிடமே பழைய தரத்துக்குத் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் வேறு ஏதோ ஒரு ஆப், பெரும்பாலும் பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசர் டேப், ஹெட்போன் மைக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.