தீபாவளிச் சரக்கு: போன வருஷ பில்லை எப்படிப் படிப்பது?

கேள்வி: கோத்தகிரியில் சின்ன ஸ்வீட் கடை. 2025 தீபாவளிக்கு 640 கிலோ விற்றது. தீபாவளிக்கு முதல் நாள் மதியம் 1 மணிக்கே மைசூர்பாக் தீர்ந்துவிட்டது, அரை கிலோ பெட்டியோ 200 மிஞ்சியது. இந்த வருஷம் மாவு, சர்க்கரை, நெய், பெட்டி எல்லாம் எவ்வளவு வாங்குவது?

பதில்: 640 என்பது விற்ற கணக்கு. வந்தவர்கள் கேட்டது அதுவல்ல. முதலில் அதை இரண்டாகப் பிரியுங்கள். எஸ்டேட்டுகளும் அலுவலகங்களும் மொத்தமாக எடுத்தது 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மதிப்பீடே தேவையில்லை. போனஸ் பேச்சு முடிந்ததும் கூப்பிட்டு, எத்தனை பேருக்கு என்று கேட்டு, முன்பணம் வாங்கிய பிறகு எழுதினால் போதும். யோசித்துக் கணக்குப் போட வேண்டியது கவுண்டரில் போன 400 கிலோவுக்குத்தான்.

அதில் மைசூர்பாக் 120 கிலோ, லட்டு 110 கிலோ என்போம். தீர்ந்துபோன சரக்கின் உண்மையான தேவையை பில்லில் உள்ள நேரம் காட்டிக்கொடுக்கும். தீர்ந்த நாளுக்கு முந்தின நாள் பில்லை எடுத்துப் பாருங்கள். அன்றைய மைசூர்பாக்கில் 40 சதவீதம் மதியம் 1 மணிக்குள் போயிருந்தால், தீர்ந்த நாளில் 1 மணிவரை விற்ற 32 கிலோவும் அதே 40 சதவீதம்தான். முழு நாளுக்கு 80 கிலோ போயிருக்கும். 48 கிலோ கைநழுவிவிட்டது. ஆக மைசூர்பாக் 168 கிலோ. தீர்ந்த நாள் பில்லில் 1 மணிக்குப் பிறகு லட்டு வழக்கத்தைவிட 20 கிலோ கூடுதலாகப் போயிருந்தால், அது மைசூர்பாக் கிடைக்காதவர்கள் வாங்கியது. லட்டை 90 கிலோவாகக் குறையுங்கள். இந்தக் கழித்தலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தீபாவளி முடிந்ததும் லட்டு தேங்கி நிற்கும்.

தேதியைப் பார்த்து ஒப்பிட வேண்டாம். தீபாவளிக்கு எத்தனை நாள் முன் என்று பாருங்கள். 2025இல் அது அக்டோபர் 20, திங்கள். 2026இல் நவம்பர் 8, ஞாயிறு. மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்குகிறவர்கள் இம்முறை ஒரு வாரம் முன்பே வரலாம். அதனால் மொத்தம் பெரிதாக மாறாவிட்டாலும் கடைசி இரண்டு நாள் கூட்டம் கொஞ்சம் பரவும்.

இனி மளிகை. மாஸ்டர் சொல்லும் அளவை அப்படியே எழுதிவிடாமல், ஒரு ஈடு போட்டு, ஆறி, துண்டு போட்ட பிறகு நிறுத்துப் பாருங்கள். 1 கிலோ கடலை மாவு, 2 கிலோ சர்க்கரை, 2 கிலோ நெய்க்கு விற்கக்கூடிய துண்டு 4.4 கிலோ தேறினால், 168 கிலோவுக்கு 38 ஈடு சொச்சம். மாவு 38 கிலோ. சர்க்கரையும் நெய்யும் தலா 76 கிலோ. நெய் டின் வாங்கும்போது லிட்டரா கிலோவா என்று பாருங்கள். 15 லிட்டர் டின்னில் சுமார் 13.6 கிலோதான் இருக்கும். ஐந்து டின் போதும் என்று நினைத்தால் 8 கிலோ குறையும். ஆறு டின் வேண்டும். மற்ற ஸ்வீட்டுக்கும் இதே வழிதான்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்ப்பதை ஒரே இடத்தில், கடைசியில், 5 சதவீதம் சேருங்கள். முதலாளி 10, மாஸ்டர் 10, சரக்கு எடுப்பவர் 10 என்று ஆளாளுக்குச் சேர்த்தால் அது 33 சதவீதமாகிவிடும்.

பெட்டியைக் கிலோவை வகுத்துக் கணக்கிடக் கூடாது. வாங்கியதில் மிஞ்சியதையும் வீணானதையும் கழித்து, அளவுவாரியாக எத்தனை செலவானது என்று எழுதுங்கள். அரை கிலோ பெட்டி மிஞ்சி ஒரு கிலோ பெட்டி தட்டுப்பாடாகியிருந்தால் காரணம் கொள்ளளவாக இருக்கலாம். மைசூர்பாக் அடுக்கினால் அடங்கும் பெட்டியில் அதே எடை ஜாங்கிரி மூடாது, பெரிய பெட்டிக்குப் போய்விடுவார்கள். ஆர்டர் தரும் முன் மாதிரிப் பெட்டியில் ஜாங்கிரியை நிரப்பிப் பாருங்கள். பெட்டியில் வருஷத்தை அச்சடிக்காதீர்கள், ஸ்டிக்கர் போதும். மிஞ்சினால் அடுத்த வருஷம் ஓடும். பழைய 200 பெட்டியில் ஒன்றை மடித்துப் பாருங்கள். மூடி தொய்ந்தாலோ பூசண வாடை அடித்தாலோ கணக்கில் சேர்க்க வேண்டாம். கோத்தகிரி மூடுபனியில் தரையிலும் சுவரோரமும் அடுக்கிய அட்டை நமுத்துவிடும். பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

தீபாவளி நேரம் வடகிழக்குப் பருவமழைக் காலம். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் லாரி ஏறாது. சர்க்கரை, நெய், பெட்டி மூன்றும் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் மலை ஏறிவிடட்டும். கடலை மாவை மட்டும் அவ்வளவு முன்னதாக வாங்க வேண்டாம். ஈரம் கோத்தால் கட்டி தட்டும், நாள்பட்டால் காறல் வாடை வரும். பாதியைப் பத்து நாள் முன்பும், மீதியை ரோடு பார்த்து அடுத்த சில நாளிலும் எடுங்கள்.