மேலே நிற்கும் டிரான்சிஸ்டர் செய்யும் வேலை

வணக்கம் ஐயா. மீடியம் வேவ் ஆண்டெனாவுக்காக பி.சி. 547 ஒன்றைக் கொண்டு பெருக்கி செய்தேன்: 1 மில்லியாம்பியர் மின்னோட்டம், 4.7 கிலோஓம் லோடு, சிக்னல் 1 கிலோஓம் வழியாக வருகிறது. திருவனந்தபுரம் நிலையத்தின் 1161 கிலோஹெர்ட்ஸில் பெருக்கம் படுத்துவிட்டது. மேலே இன்னொரு டிரான்சிஸ்டரைக் கேஸ்கோடாக அடுக்கியதும் அலைவரிசை அகலம் ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் ஆனது. ஆனால் வெளியீட்டு மின்தடை பல மடங்கு கூடும் என்கிறார்களே, பெருக்கம் ஏன் கூடவில்லை?
— ஒரு மாணவர், தக்கலை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஒற்றை டிரான்சிஸ்டரில் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே ஏறத்தாழ 3 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கிறது. கலெக்டர் பேஸுக்கு எதிராக 170 மடங்குக்கு மேல் ஆடுவதால், அந்த 3 பிக்கோஃபாரட் உள்ளீட்டுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட பிக்கோஃபாரடாகத் தெரிகிறது. இதுதான் மில்லர் விளைவு. உங்கள் 1 கிலோஓமுடன் சேர்ந்து அது பெருக்கியை 330 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே மடக்கிவிடும். அடுக்கிய பிறகு கீழ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு லோடாக இருப்பது மேல் டிரான்சிஸ்டரின் எமிட்டர், அதாவது வெறும் 26 ஓம். அங்கே பெருக்கம் ஒன்றுதான் என்பதால் மில்லர் விளைவு 6 பிக்கோஃபாரடாகச் சுருங்குகிறது. ஆசிலாஸ்கோப் புரோபை நடுச் சந்திப்பில் வைத்துப் பாருங்கள்: அலை பேஸில் உள்ள அளவே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், மேல் பேஸைத் தரைக்கு இணைக்கும் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

பேஸ்-எமிட்டர் மின்தேக்கத்தையும் சேர்த்து, உள்ளீட்டுப் பக்கம் மட்டும் கணக்கிட்டால் 4 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். உங்களுக்குக் குறைந்ததற்குக் காரணம், அநேகமாக, புரோபின் மின்தேக்கமும் இணைப்புக் கம்பிகளின் மின்தேக்கமும் 4.7 கிலோஓமுடன் சேர்வதுதான். இதில் அடுக்கிற்குப் பங்கில்லை.

இனி மின்தடை. மேல் கலெக்டரின் மின்னழுத்தம் ஏறினால், டிரான்சிஸ்டரின் உள்ளே கசியும் கூடுதல் மின்னோட்டம் எமிட்டரைச் சற்றே உயர்த்துகிறது. பேஸ் அசையாமல் நிற்பதால், டிரான்சிஸ்டர் அந்த அளவுக்குத் தன் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே வெளியிலிருந்து தள்ளினால் ஏறக்குறைய ஒன்றும் நகராது. ஒற்றை டிரான்சிஸ்டரின் 100 கிலோஓம், இங்கே பீட்டா மடங்கு, அதாவது 200 என்று கொண்டால் 20 மெகாஓம் வரை செல்லும். ஆனால் அதனோடு இணையாக உங்கள் 4.7 கிலோஓம் நிற்கிறது! 100 கிலோஓம் இணையாக இருந்தபோது பெருக்கம் 173 என்றால், 20 மெகாஓம் இருக்கும்போது 180. வித்தியாசம் அவ்வளவே.

உயர்ந்த மின்தடை பயன்பட வேண்டுமானால், தடைக்குப் பதிலாக மின்னோட்ட மூலம் ஒன்றை லோடாக வைக்க வேண்டும். ஒற்றை பி.என்.பி. டிரான்சிஸ்டரை வைத்தால் அதன் 100 கிலோஓமே எல்லையாகும். பெருக்கம் 3,800 வரும். அதையும் கேஸ்கோடாக அடுக்கினால் இன்னும் மேலே போகலாம். ஆனால் 18 பிக்கோஃபாரட் வெளியீட்டு மின்தேக்கத்துடன் 100 கிலோஓம் சேர்ந்தாலே அலைவரிசை அகலம் 90 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருங்கிவிடும். உங்கள் ஆண்டெனாவுக்கு 4.7 கிலோஓம்தான் சரி. அதை மாற்ற வேண்டாம்.