மெரோபெனம் மூன்று வேளை, அமிக்காசின் ஒரு வேளை ஏன்?

"பினாங்கில் அப்பா ஐசியூவில் இருக்கிறார், ரத்தத்தில் கிருமி. மெரோபெனம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் ஏற்றுகிறார்கள். அமிக்காசின் நாளுக்கு ஒரே தடவை. ஏன்?"

சகோதரி, இரண்டும் கிருமியைக் கொல்லும் விதம் வேறு. மெரோபெனம், கிருமியைத் தடுக்கும் அளவுக்கு மேலே எவ்வளவு நேரம் ரத்தத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். அதனால் மருந்தை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மெதுவாக ஏற்றுவது அதைவிட நல்ல வழி.

அமிக்காசினுக்கு உச்ச அளவுதான் பலம். தடுப்பளவைப் போல் எட்டு, பத்து மடங்கு ஏறினால் வேகமாகக் கொல்லும். அளவு இறங்கிய பிறகும் கிருமி சில மணி நேரம் தலைதூக்காது. ஆனால் அடுத்த ஊசிக்குள் நன்றாக இறங்காவிட்டால் சிறுநீரகமும் காதும் கெடலாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அப்பாவின் ரத்தத்தில் ஏறினால் இடைவெளியை நீட்டுவார்கள், பயப்படாதீர்கள்.