மின்னஞ்சலில் பெயர், தலைப்பு, முன்னோட்ட வரி: மூன்றையும் எப்படிப் பொருத்துவது?

கேள்வி: கீழக்கரையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அனுப்புநர் பெயர் "info", தலைப்பு "கீழக்கரை கருவாட்டுக் கடை - தடைக்கால அறிவிப்பு", அதன் கீழே "உலாவியில் பார்க்க" என்று வருகிறது. எப்படித் திருத்துவது?

முதலில் பெயரை மாற்றுங்கள். "கீழக்கரை கருவாட்டுக் கடை" அனுப்புநர் பெயராக வந்துவிட்டால் தலைப்பில் அது வேண்டாம். ஒவ்வொரு மடலிலும் அதே பெயர் இருக்கட்டும். ஆட்கள் அதைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டு திறப்பார்கள்.

தலைப்பில் சேதியைச் சொல்லுங்கள்: "தடைக்காலத்துக்கு முன் கடைசிச் சரக்கு". தலைப்புக்குக் கீழே தெரியும் முன்னோட்ட வரி அதையே திருப்பிச் சொல்லாமல், அடுத்து எழும் கேள்விக்குப் பதில் தரட்டும்: "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, நெத்திலி, வஞ்சிரம் இப்போது இருக்கிறது". ஆனால் கைபேசியில் வரியின் பின்பாதி வெட்டுப்படும். அதனால் "நெத்திலி, வஞ்சிரம் இருக்கிறது" என்பதை முன்னால் கொண்டுவருவேன்.

"உலாவியில் பார்க்க" வந்ததற்குக் காரணம், முன்னோட்டக் கட்டம் காலியாக இருந்ததுதான். அப்போது மடலின் முதல் எழுத்துகளைச் செயலி எடுத்துக்கொள்ளும். வரி மிகச் சின்னதாக இருந்தாலும் மிச்ச இடத்தை அப்படித்தான் நிரப்பும்.

சில செயலிகள் முன்னோட்டத்தைக் காட்டவே காட்டாது. எனவே தலைப்பு தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும். அனுப்புமுன் உங்கள் கைபேசிக்கே ஒன்று அனுப்பி, திறக்காமல் பட்டியலில் வைத்துப் படித்துப் பாருங்கள்.