இரண்டு வெப்பநிலை, இரண்டு k: கிளர்வு ஆற்றல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: N₂O₅ சிதைவுக்கு வினைவேக மாறிலி 25 °C-ல் k = 3.46×10⁻⁵ s⁻¹, 35 °C-ல் 1.35×10⁻⁴ s⁻¹. கணக்குப் போட்டால் கிளர்வு ஆற்றல் Ea 1 kJ/mol கூட வரவில்லை. எங்கே தப்பு?

வெப்பநிலையை செல்சியஸிலேயே போட்டுவிட்டீர்கள். 25, 35 என்று வைத்தால் எனக்கும் 0.99 தான் வருகிறது. கெல்வினுக்கு மாற்றுங்கள்: 298, 308. k-க்களின் விகிதம் 3.90, அதன் ln 1.361.

```
Ea = R ln(k2/k1) / (1/T1 − 1/T2)
   = 8.314 × 1.361 / 0.000109
   ≈ 104 kJ/mol
```

ஒரு எச்சரிக்கை. 1/298-ஐ 0.0034, 1/308-ஐ 0.0032 என்று சுருக்கிவிட்டுக் கழித்தால் விடை 57 ஆகிவிடும். கழித்து முடிக்கும்வரை இலக்கங்களை வெட்டவே கூடாது.

கேள்வி: எனக்கு 104, புத்தகத்தில் 103. நான் தவறா?

இல்லை. இடைவெளி 10 டிகிரிதான். அதில் வெப்பமானி ஒரு டிகிரி பிசகினாலே Ea சுமார் 10 kJ/mol நகர்ந்துவிடும்.

கேள்வி: 10 டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது விதிதானே? பிறகு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?

பாதி சரி. அறை வெப்பநிலைக்கு அருகில், Ea 53 kJ/mol வாக்கில் இருக்கும் வினைக்கு அது பொருந்தும். மேலே உள்ள வினையோ 3.9 மடங்கு ஏறுகிறது. அதே 104 kJ/mol தடையை 500 K-லிருந்து 510 K-க்குப் போய்ப் பார்த்தால் 1.6 மடங்குதான்.

கேள்வி: கெல்வினில் பார்த்தால் வெப்பநிலை 3% தான் கூடியிருக்கிறது. அதற்குள் மோதல்கள் நாலு மடங்கு ஆகிவிடுமா?

ஆகாது. மோதல்கள் 2% கூட ஏறவில்லை. ஏறுவது, தடையைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் பெற்றவற்றின் பங்கு. அந்தப் பங்கைச் சொல்வது e^(−Ea/RT). 298 K-ல் Ea/RT சுமார் 42, 308 K-ல் 40.6. பார்த்தால் 1.4 தான் குறைந்திருக்கிறது, அதுவும் அதே 3% தான். ஆனால் அது e-யின் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறதே! பங்கு 6×10⁻¹⁹-லிருந்து 2.3×10⁻¹⁸ ஆகிறது. தடை உயரமாக இருக்க இருக்க அடுக்கும் பெரிது, ஒவ்வொரு டிகிரிக்கும் துள்ளலும் பெரிது. மெதுவான வினை வெப்பத்துக்கு அசையாது என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி: என்னுடையது திண்ம வினையூக்கி மேல் நடக்கும் வினை. 25, 35 °C-ல் எடுத்தால் Ea 58 kJ/mol; 55, 65 °C-ல் எடுத்தால் 24. எதை எழுதுவது?

இப்போதைக்கு இரண்டையும் எழுதுங்கள், சராசரி மட்டும் எடுக்காதீர்கள். சூட்டில் வினை வேகமாகிவிட்டதால், வினைபடுபொருள் பரப்புக்கு வந்து சேரும் வேகமே கட்டுப்படுத்துகிறது என்று சந்தேகிக்கிறேன். 60 °C-ல் கலக்கும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். k ஏறினால் அதுதான் காரணம், அந்த 24 உங்கள் வினையின் தடை அல்ல. ஏறாவிட்டால் விஷயம் முடிந்துவிடாது: துகளின் துளைகளுக்குள் ஊடுருவுவது தாமதமாகலாம், வினையின் வழியே மாறியிருக்கலாம். இரண்டு புள்ளிகள் எப்போதும் நேர்கோட்டில்தான் நிற்கும், அதனால் இதை அவை காட்டிக்கொடுக்காது. 40, 45, 50 °C-லும் k எடுத்து, ln k-வை 1/T-க்கு எதிராக வரைந்து, கோடு எங்கே வளைகிறது என்று சொல்லுங்கள்.